அரை வாளித் தண்ணீர் குழந்தையை என்ன செய்துவிடும்?

மூன்றாம்மாடி | மே 6, இரவு 10.50

வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. கட்டில், நாற்காலி, மாமனாரின் வேட்டி என்று கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். எங்கள் பக்கம் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதனால் பாத்ரூமில் எப்போதும் இரண்டு வாளி, பால்கனியில் ஒரு நீல டிரம். டிரம்முக்கு மூடி வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வாளியில்தான்.

மாமியார் சொல்வது இது: "வாளி அவ இடுப்பு உசரம்தான். அதுலயும் பாதித் தண்ணி. எட்டிப் பார்த்து விழுந்தா வாளி சாஞ்சு தண்ணி கொட்டிடும். வீல்னு கத்துவா, தூக்கிடலாம்." கணவரும் தலையாட்டுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லக் காரணமும் கிடைக்கவில்லை. வாளி சாயுமா, சாயாதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தும் வாட்ஸப் செய்திகள் வேண்டாம், குடும்பக் குழுவில் தேவைக்கு மேல் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை | மே 6, இரவு 11.25

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாயும். குழந்தையின் எடை விளிம்பில் விழுந்தால் வாளி அந்தப் பக்கம் கவிழத்தான் பார்க்கும். நிறை வாளி என்றால் அசையாது, அது ஆபத்து. பாதிக்குக் கீழே இருந்தால் அவ்வளவு பயம் தேவையில்லை. அப்புறம், தண்ணீரில் விழுந்த குழந்தை கையைக் காலை அடிக்கும். பாத்ரூமில் அந்தச் சத்தம் எதிரொலிக்கும், ஹாலில் இருந்தாலும் கேட்டுவிடும்.

தண்ணிலாரி | மே 7, காலை 6.10

டிரம்முக்கு மூடி கிடைக்கவில்லை என்றால் பழைய வேட்டியை இழுத்துக் கட்டுங்கள், போதும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். மாநகராட்சி ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் புழு இருந்தால் மொத்தத்தையும் கொட்டச் சொல்வார். நாங்கள் நாலு வருடமாகத் துணிதான் கட்டுகிறோம்.

மூன்றாம்மாடி | மே 7, காலை 6.40

அண்ணா, நான் கேட்டது கொசுவைப் பற்றி இல்லை. குழந்தை விழுவதைப் பற்றி.

பழைய_வார்டு | மே 7, காலை 9.15

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்குப்பிள்ளை சார் சொன்ன இரண்டுமே தவறு. முதலில் சத்தத்தைச் சொல்கிறேன்.

பெரியவர்கள் ஆற்றில் மாட்டிக்கொண்டால் கையைத் தூக்கிக் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். அங்கேயே அது முழுக்கச் சரியில்லை. வாளியில் விழும் குழந்தைக்கு அதற்கும் வழியில்லை. தலை கீழே, கால் மேலே. வாயும் மூக்கும் முதல் நொடியிலேயே தண்ணீருக்குள் போய்விடும். அழுவதற்கு மூச்சு வேண்டும், அந்த மூச்சு அங்கே இல்லை. கைகள் இரண்டும் வாளிக்குள் உடம்போடு ஒட்டி நிற்கும். பிளாஸ்டிக் சுவர் வழுக்கும். தள்ளி எழ வேண்டும் என்றால் தோளில் பலம் வேண்டும், அது அந்த வயதில் வந்திருக்காது. கால் காற்றில் உதறும், காற்றுக்கு ஏது சத்தம்? குழாய் திறந்திருந்தாலோ மிக்ஸி ஓடினாலோ இருக்கிற கொஞ்சமும் கேட்காது. எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்த தாய்மார் பலரும் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "சத்தமே வரல சிஸ்டர், ரொம்ப நேரமா சத்தமே இல்லையேன்னுதான் போய்ப் பார்த்தேன்."

நேரம் என்று கேட்டால், ஓரிரு நிமிடத்தில் நினைவு தப்பிவிடும். நாலைந்து நிமிடம் தாண்டினால் உயிர் மிஞ்சினாலும் மூளைக்கு உத்தரவாதம் கிடையாது.

ஏழெட்டு மாதத்திலிருந்து ஒன்றே கால் வயது வரைதான் வாளிக்கு மோசமான காலம். எழுந்து நிற்கத் தெரியும், குனிந்தால் நிமிரத் தெரியாது. தலை உடம்புக்குப் பெரியது, மேல் பாதி கனம். உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள்.

கணக்குப்பிள்ளை | மே 7, பகல் 1.05

சத்தம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், சிஸ்டர். ஆனால் வாளி சாயாது என்பதை வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு தண்ணீர் இருந்தால் சாயாது?

பழைய_வார்டு | மே 7, பகல் 1.30

எனக்கு ஊசி போடத் தெரியும், கணக்குப் போடத் தெரியாது. உங்கள் பெயரிலேயே இருக்கிறதே, போட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி | மே 7, இரவு 11.10

கணக்குக்குக் காத்திருக்கவில்லை, செய்து பார்த்துவிட்டேன். மகள் எடை எட்டரை கிலோ. பழைய தலையணை உறையில் அதே எடைக்கு அரிசியை அள்ளிக் கட்டினேன். (மாமியார்: "அரிசியை வெச்சு என்ன விளையாட்டு?") எங்களுடையது சாதாரண இருபது லிட்டர் வாளி. டேப் வைத்து அளந்தேன்: உயரம் 33 செ.மீ., வாய் 32 செ.மீ. அகலம், அடி 24 செ.மீ. அகலம். மூட்டையைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி விளிம்பில் போட்டேன்.

காலி வாளி கைவிட்டவுடன் கவிழ்ந்தது. மாமியார் "பார்த்தியா" என்றார். ஒரு சொம்பு ஊற்றினேன், மெதுவாகக் கவிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனேன். அடியில் நாலு விரல் அளவு தண்ணீர் சேர்ந்ததும் வாளி ஒரு பக்கம் லேசாகத் தூக்கி ஆடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பாதி வாளியில் ஆட்டமும் இல்லை. மூட்டையை நானே அழுத்தினாலும் அசையவில்லை.

மாமியார் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. போய் வாளித் தண்ணீரை எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

கணக்குப்பிள்ளை | மே 8, காலை 7.45

உங்கள் அளவுகளை வைத்துப் போட்டேன், ஒத்துவருகிறது. வாளியின் வாய் அடியை விட அகலம், ஒரு பக்கத்துக்கு 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் எடை கவிழ்க்கப் பார்ப்பது அந்த 4 செ.மீ. தூரத்தை வைத்துத்தான். தண்ணீரின் எடை பிடித்து நிறுத்துவதோ நடுவிலிருந்து அடியின் ஓரம் வரை உள்ள 12 செ.மீ. தூரத்தை வைத்து. அதாவது தண்ணீருக்கு மூன்று மடங்கு வசதி. எட்டரை கிலோ குழந்தையை எதிர்த்து நிற்க மூன்று லிட்டருக்கும் குறைவான தண்ணீர் போதும். அந்த வாளியில் மூன்று லிட்டர் என்பது ஆறு, ஏழு செ.மீ. ஆழம். நாலு விரல்தான்.

நான் சொன்னதற்கு நேர் எதிராக வருகிறது. வாளி சாய்ந்து காப்பாற்றும் என்பது வாளி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது மட்டும். அப்போது காப்பாற்ற வேண்டிய தேவையே குறைவு.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. நாலு விரல் ஆழத்தில் குழந்தையின் முகம் முழுதும் மூழ்குமா?

பழைய_வார்டு | மே 8, காலை 10.20

முகம் முழுதும் மூழ்கத் தேவையில்லை சார். மூக்கும் வாயும் மூழ்கினால் போதும், இரண்டு அங்குலமே ஜாஸ்தி. தலைகீழாக விழுந்தால் உச்சந்தலை அடியில் முட்டி, கழுத்து மடங்கி, முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கும். தண்ணீர் மிகக் குறைவென்றால் சில குழந்தைக்கு மூக்கு வெளியே இருக்கலாம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி வாளி வைக்க முடியுமா?

கோபிக்காரன் | மே 8, மாலை 5.30

எங்கூர்ல வாளி இல்லீங்க, கழுநீர்த் தொட்டி. மாட்டுக்குத் தண்ணி காட்டுற சிமெண்ட் தொட்டி. எங்க சித்தப்பா வீட்டுப் பையன் ஒன்றரை வயசுல அதுல விழுந்துட்டான். பாட்டி பார்த்துத் தூக்கி, காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டு, வயித்தை அமுக்கித் தண்ணியெல்லாம் எடுத்துட்டாங்க. பையன் இப்போ காலேஜ் போறான். அதனால இதெல்லாம் வீட்டுல பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்ல வந்தேன். தலைகீழாப் பிடிக்கிறது முக்கியமுங்க.

பழைய_வார்டு | மே 8, இரவு 8.40

தம்பி, உங்கள் தம்பி நல்லா இருப்பதில் சந்தோஷம். ஆனால் அவனைக் காப்பாற்றியது தலைகீழாகப் பிடித்தது இல்லை, பாட்டி சீக்கிரம் பார்த்தது. தூக்கும்போதே அவனுக்கு மூச்சு இருந்திருக்கும்.

மூச்சில்லாத குழந்தைக்குத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைக்கு மேலே வைத்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் கெடுதல். வயிற்றில் இருக்கும் தண்ணீரும் பாலும் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். நுரையீரலில் புகுந்த கொஞ்சம் தண்ணீரை யாரும் "எடுக்க" முடியாது, எடுக்கவும் தேவையில்லை. குழந்தைக்கு வேண்டியது காற்று. உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. அதைச் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

செய்ய வேண்டியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். இல்லை என்றால் கத்தி ஆளைக் கூப்பிடுங்கள், ஒருவர் 108க்குப் போன் போடட்டும், நீங்கள் அதற்குக் காத்திருக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தலையை நேராக வைத்து, உங்கள் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் மெல்ல ஊதுங்கள். கன்னத்தில் அடக்கிய காற்று போதும். ஐந்து முறை. அப்போதும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு கட்டைவிரலால் முப்பது அழுத்து. நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவான வேகம். பிறகு இரண்டு ஊதல், மறுபடி முப்பது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், ஒரு அரை நாள் போய் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை | மே 8, இரவு 9.15

எங்கள் கம்பெனி முதலுதவி வகுப்பில் முதல் ஊதல் இரண்டு என்றுதான் சொன்னார்கள், ஐந்து இல்லை.

பழைய_வார்டு | மே 8, இரவு 9.30

அமெரிக்கப் பாடம் இரண்டு, ஐரோப்பியப் பாடம் ஐந்து. நான் படித்தது ஐந்து. உங்களுக்கு இரண்டுதான் கையில் பழகியிருக்கிறது என்றால் இரண்டே செய்யுங்கள். ஆனால் மாரடைப்பு வந்த பெரியவருக்குச் செய்வது போல் வெறும் நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். தண்ணீரில் விழுந்த குழந்தைக்கு நின்றுபோனது முதலில் மூச்சு.

மூன்றாம்மாடி | மே 8, இரவு 11.50

குடும்பக் குழுவில் வந்த இன்னொன்று: குளித்த குழந்தை மூன்று நாள் கழித்து "உலர் மூழ்கலில்" இறந்ததாம். அக்கா, இது உண்மையா?

பழைய_வார்டு | மே 9, காலை 6.20

குளிக்கும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து இருமிய குழந்தை, அப்புறம் நன்றாக விளையாடிச் சாப்பிட்டுத் தூங்கி, மூன்றாம் நாள் திடீரென்று அப்படிப் போவதில்லை. அந்தப் பெயரையே மருத்துவர்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. ஆனால் தண்ணீருக்குள் மூழ்கித் தூக்கிய குழந்தை எழுந்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் மூச்சு மோசமாகலாம். ஆறு, எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். விடாத இருமல், விலா எலும்பு உள்ளே இழுப்பது, காரணமில்லாமல் துவண்டு தூங்குவது, இதெல்லாம் இருந்தால் "அழுதிட்டாளே" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஸ்கார்பரோ_அம்மா | மே 9, காலை 8.05

இங்கை கனடாவிலை வாளி இல்லை, பாத் டப். எங்கட மூத்தவனுக்கு ஒரு இருக்கை வாங்கினனான். டப்பின் அடியிலை ரப்பர் உறிஞ்சியாலை ஒட்டி நிற்கும், பிள்ளை அதிலை இருந்து விளையாடும். எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு கையும் விட்டிட்டுத் துவாய் எடுக்கப் போகலாம் எண்டு நினைச்சன். தாதி வீட்டுக்கு வந்தபோது அதைப் பாத்திட்டு முகம் மாறிப்போச்சு. சோப் பட்டால் உறிஞ்சி கழண்டிடும், இருக்கை பிள்ளையோடை சரியும், பிள்ளை அதுக்குள்ளை மாட்டுப்பட்டு நிமிர ஏலாது எண்டு சொன்னா. இருக்கை எண்ட பேர்தான், பாதுகாப்புப் பொருள் இல்லையாம். அவ சொன்ன பழக்கம்தான் இப்ப எங்கட வீட்டிலை: துவாய், சோப், உடுப்பு எல்லாத்தையும் டப்புக்குப் பக்கத்திலை வைச்சிட்டுத்தான் தண்ணி திறக்கிறது. வாசலிலை மணி அடிச்சால் பிள்ளையைத் துவாயிலை சுத்தித் தூக்கிக்கொண்டுதான் போறது. போன் குளியலறைக்கு உள்ளுக்கு வாறதில்லை.

இன்னொண்டு. நாலு வயசு அக்காவை "தம்பியைப் பாத்துக்கொள்" எண்டு விட்டுப்போறது இங்கையும் நடக்குது. நாலு வயசுப் பிள்ளை பாத்துக்கொண்டுதான் இருக்கும். பாக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது.

மூன்றாம்மாடி | மே 9, பகல் 2.20

கடைசி வரியைக் கணவருக்கு அனுப்பினேன். அவர் எங்கள் பெரியவனிடம் (வயது ஆறு) அப்படித்தான் சொல்லிவிட்டு ஷேவ் செய்யப் போவார்.

இதுவரை நடந்தது: பாத்ரூம் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டோம். வாளியைப் பயன்படுத்தியதும் கவிழ்த்து வைப்பது என்று முடிவு. தண்ணீர் சேமிக்க மூடியுள்ள இருபது லிட்டர் கேன் இரண்டு.

மூன்றாம்மாடி | மே 13, இரவு 10.15

தாழ்ப்பாள் பற்றி மறுயோசனை. மாமியாருக்குத் தோள்வலி, கை மேலே போகாது. அதனால் பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கிறது, ராத்திரி நான் வந்ததும் மூடுகிறேன். ஆபத்தான நேரத்தில் திறந்தும், ஆபத்தில்லாத நேரத்தில் பூட்டியும் இருக்கும் தாழ்ப்பாள் எதற்கு? அவர் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிப் போட்டால் மகளுக்கு எட்டாது, ஆறு வயதுப் பையனுக்கு எட்டும், அவன் திறந்துவிட்டு வருவான். இப்போதைக்குக் கதவை நம்புவதை விட்டுவிட்டேன். வாளியில் தண்ணீர் இல்லை என்பதுதான் முதல் காவல். தாழ்ப்பாள் இரண்டாவது.

கணக்குப்பிள்ளை | மே 13, இரவு 10.40

வங்கதேசக் கிராமங்களைப் பற்றிப் படித்தேன். அங்கே குளம், குட்டை. குழந்தைகள் அதிகம் மூழ்குவது காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்று வரை. அப்பா வயலில், அம்மா சமையலிலும் துவைப்பதிலும் இருக்கும் நேரம். அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டில் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள், "ஆஞ்சல்" என்று பெயர். அதனால் குழந்தைகள் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. உலகம் முழுக்க 2021இல் நீரில் மூழ்கி இறந்த சுமார் 3 லட்சம் பேரில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய_வார்டு | மே 14, காலை 7.10

சாரின் 3 லட்சத்தை விடுங்கள், அந்தக் காலை ஒன்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த வாளிக் குழந்தைகளும் பெரும்பாலும் அந்த நேரத்தவைதான். துணி ஊறவைத்த வாளி, வீடு துடைக்க வைத்த வாளி.

இன்னொரு நேரம், வீட்டில் விசேஷம். காதுகுத்து, வளைகாப்பு. வீடு நிறைய ஆள், அதனால் யாரும் பார்க்கவில்லை. குழந்தை பாட்டியிடம் இருக்கிறது என்று அம்மா நினைப்பாள், அத்தையிடம் இருக்கிறது என்று பாட்டி நினைப்பாள். சமையல்காரர் பின்கட்டில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். நான் வார்டில் தாய்மாருக்குச் சொன்னது ஒன்றுதான்: குழந்தையைக் கைமாற்றும்போது பெயர் சொல்லி மாற்றுங்கள். "அத்தை, பாப்பா இப்ப உங்ககிட்ட" என்று சொல்லி, அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். பதில் வரவில்லை என்றால் குழந்தை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பார்வை போதாது, கை எட்டும் தூரம்.

மூன்றாம்மாடி | மே 16, இரவு 9.30

"பாப்பா இப்ப உங்ககிட்ட" எங்கள் வீட்டில் விளையாட்டாகிவிட்டது. மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பெற்றுக்கொண்டேன், ரசீது வேண்டுமா?" என்கிறார். விளையாட்டோ என்னவோ, பதில் வருகிறது.

தண்ணிலாரி | மே 17, காலை 6.30

மேலே எல்லாம் படித்தேன். துணி கட்டியது தப்பா?

பழைய_வார்டு | மே 17, காலை 8.00

கொசுவுக்குச் சரி. குழந்தைக்குத் தப்பு. துணி மூடியிருந்தால் தண்ணீர் தெரியாது, உட்காரும் இடம் போல் தெரியும். மேலே ஏறினால் துணியோடு உள்ளே போகும். தட்டு வைத்து மூடுவதும் அப்படித்தான், தள்ளினால் நகரும். மேலே நின்றால் தாங்கும் மூடி வேண்டும், பெரியவர் கையால்தான் கழற்ற வேண்டும். டிரம்மோடு வரும் மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்குவார்கள், அது நல்லது.

தண்ணிலாரி | மே 17, காலை 8.20

எங்கள் டிரம் என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வரும். பேரன் இரண்டரை வயது. அவனுக்கு எப்படி எட்டும்?

மூன்றாம்மாடி | மே 17, பகல் 12.45

அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நேற்றுதான் பார்த்தேன். பெரியவன் பந்து எடுக்க டிரம் மேல் ஏறியிருந்தான். எதன் மேல் கால் வைத்து? நாங்கள் பத்திரமாகக் கவிழ்த்து வைத்த வாளியின் மேல். பால்கனியில் காயட்டும் என்று மாமியார் டிரம் பக்கத்தில் வைத்திருந்தார். கவிழ்த்த வாளி நல்ல முக்காலி. அவன் ஏறினால் இரண்டு வருடத்தில் தங்கையும் ஏறுவாள், உங்கள் பேரன் இன்றைக்கே ஏறுவான். கவிழ்த்த வாளி இனிமேல் பாத்ரூமை விட்டு வெளியே வராது. டிரம் பக்கத்தில் முக்காலி, செங்கல், பூந்தொட்டி எதுவும் கிடையாது.

கணக்குப்பிள்ளை | மே 17, பகல் 1.10

மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷினும் இதே கதைதான். 2023இல் டெல்லியில் ஒன்றரை வயதுக் குழந்தை, நாற்காலி மேல் ஏறித்தான் விழுந்திருக்கும் என்றார்கள், சோப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. வென்டிலேட்டரில் வைத்துப் பிழைத்துவிட்டது.

கோபிக்காரன் | மே 17, மாலை 6.00

கழுநீர்த் தொட்டிக்கு மூடி போட்டா மாடு எப்படிங்க குடிக்கும்?

பழைய_வார்டு | மே 17, இரவு 8.15

மாடு குடித்து முடித்ததும் கொட்டிவிடுங்கள் என்று சொல்வேன், ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் அது நடக்காது. கட்டுத்தறிக்கும் வீட்டுக்கும் நடுவில் படல் வைத்து அடைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. வேறு யாராவது செய்திருந்தால் சொல்லட்டும்.

கோபிக்காரன் | மே 18, காலை 5.50

படல் போட்டா கோழி உள்ள வராது, பாட்டி திட்டும். தொட்டி மேல குறுக்க இரும்புக் கம்பிச் சட்டம் வெல்டிங் வெச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். மாட்டு மூஞ்சி போற அளவுக்கு இடைவெளி விட்டா குழந்தையும் உள்ள போயிருமே, அதுதான் இடிக்குது.

மூன்றாம்மாடி | மே 21, இரவு 10.05

டிரம்முக்கு அடியில் குழாய் வைத்தாயிற்று. ஹார்டுவேர் கடையில் டிரம் குழாய் என்று கேட்டால் நெட்டும் இரண்டு ரப்பர் வாஷரும் சேர்த்துத் தருவார்கள். பிளம்பர் துளை போட்டுக் கொடுத்தார். டிரம்மை ஹாலோ பிளாக் மேல் ஏற்றினோம், சொம்பு அடியில் நுழையும் அளவுக்கு. மாமியார் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன்: ஹாலோ பிளாக்கின் விளிம்பில் குழந்தை கால் வைக்க முடியுமா? முடியாது, டிரம்மின் வட்டத்துக்கு உள்ளேயே இருக்கும்படி அடுக்கியிருக்கிறது. இப்போது மூடியைத் திறப்பது தண்ணீர் பிடிக்கும் நாளில் மட்டும், அதுவும் கணவர்தான் திறக்கிறார், வளையம் அவ்வளவு இறுக்கம்.

வாஷர் ஒரு பக்கம் ஒழுகுகிறது. அடியில் ஒரு கிண்ணம் வைக்கலாமா என்று மாமனார் கேட்டார். கிண்ணமா, திரும்பவும் முதலிலிருந்தா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாளைக்கு பிளம்பர் வருகிறார்.